பத்து நிமிடத்துக்கு மேல் கணக்கில் உட்கார முடியவில்லை: மேசையையும் நேரத்தையும் எப்படி மாற்றுவது?

கீழக்கரைக் கணக்கன் | 16ஆம் தேதி, இரவு 10.40

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வயது 34. வீட்டிலிருந்தே பதினொரு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். மாதம் முழுக்க ஓரளவு ஓடிவிடும். 14ஆம் தேதி, விற்றவர்கள் ஏற்றிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியலான GSTR-2B வந்த பிறகுதான் பாடு. அதில் இருக்கும் ஒவ்வொரு பில்லையும் கடைக்காரர் கொடுத்த கொள்முதல் பில்லோடு ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் மாத வரித் தாக்கலான GSTR-3B போட வேண்டும். நடுவில் ஆறு நாள்.

அந்த ஆறு நாளும் என்னால் உட்கார முடிவதில்லை. பத்து நிமிடம் பார்ப்பேன், எழுந்துவிடுவேன். தண்ணீர் குடிக்கப் போனால் வாசலில் யாராவது நிற்பார்கள், பேசுவேன். திரும்ப வந்தால் எந்த வரியில் விட்டேன் என்று தெரியாது, மேலிருந்து மறுபடி ஆரம்பிப்பேன். போன மாதம் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றிவிட்டேன். கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். நம்பி வேலை கொடுத்தவர் முன்னால் அப்படி நின்றது இன்னும் மனதை அறுக்கிறது.

மேசை கூடத்தில் இருக்கிறது, தெருவாசலைப் பார்த்தபடி. காற்று வருவது அங்கே மட்டும்தான். போன் பக்கத்திலேயே இருக்கும், ஏனென்றால் பில் எல்லாம் வாட்ஸப்பில் படமாகத்தான் வருகிறது. மருந்து பற்றிக் கேட்கவில்லை. அறையையும் நேரத்தையும் மாற்றி ஏதாவது செய்ய முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் வாடை | 16ஆம் தேதி, இரவு 11.15

தம்பி, இதற்கு வழி எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. நான் அப்படித்தான் வங்கித் தேர்வுக்குப் படித்தேன். போனை அணைத்துவிட்டு அலாரம் வைத்து உட்காருங்கள். மனதை வைத்தால் முடியாதது இல்லை. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உச்சிப்புளி அம்மா | 17ஆம் தேதி, காலை 6.05

என் மகனும் இப்படித்தான். எட்டாம் வகுப்பு. புத்தகத்தை விரித்தால் ஐந்து நிமிடத்தில் பின்பக்கம் பனந்தோப்பில் இருப்பான். டியூஷன் மாற்றிப் பார்த்தோம், எழுதும் வேகம் கூடவில்லை. நீங்கள் சொல்லும் அலாரம் எட்டாம் வகுப்புக்கும் சரிவருமா? எந்த டியூஷனில் சேர்த்தால் நல்லது?

கீழக்கரைக் கணக்கன் | 17ஆம் தேதி, காலை 7.20

பாம்பன் அண்ணன், அலாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு இரண்டு இடத்தில் உதைக்கிறது. சில நாள் மனம் அப்போதுதான் கணக்கில் இறங்கியிருக்கும், மணி அடித்துவிடும். ஐந்து நிமிட ஓய்வு முக்கால் மணி நேரமாகிவிடும். இரண்டாவது, போனை அணைக்க முடியாது. பில் அதில்தான் வருகிறது.

அம்மா, நான் கேட்டது என் வேலையைப் பற்றி. பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

தங்கச்சிமடத்துக்காரி | 17ஆம் தேதி, பகல் 1.30

நான் மதுரையில் ஆக்குபேஷனல் தெரபி பார்க்கிறேன், சொந்த ஊர் தங்கச்சிமடம். பெரியவர்கள் வேலையில் உட்கார முடியாமல் வருவது என் அன்றாட வேலையில் உண்டு. தம்பி, ஆலோசனைக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றும் நாளையும் ஒரு தாளை மேசையில் ஒட்டி வையுங்கள். வேலையை விட்டு மனமோ உடம்போ நகரும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடும், என்ன இழுத்தது என்று ஒரு வார்த்தையும். உங்களைத் திருத்திக்கொள்ள வேண்டாம், எழுத மட்டும் செய்யுங்கள். 'கவனம் இல்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எந்த இடத்தில் போகிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். அது தெரியாமல் மேசையை நகர்த்தினால் குருட்டடிதான்.

உச்சிப்புளி அம்மா, உங்கள் மகனுக்குத் தனி இழை ஆரம்பியுங்கள், அங்கே எழுதுகிறேன். டியூஷனுக்கு முன்னால் அவனுக்குப் பலகை எழுத்து தெரிகிறதா, தூக்கம் எத்தனை மணி என்று பாருங்கள்.

கீழக்கரைக் கணக்கன் | 18ஆம் தேதி, இரவு 9.50

எழுதினேன் அக்கா. இரண்டு நாளில் 41 கோடு. போன் 17, அதில் ஆறு மட்டும் பில் சம்பந்தமானது. தெருவாசல் 9, இதில் ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் நிமிர்ந்து பார்த்தேன். டீ, தண்ணீர், குழந்தை எல்லாம் சேர்த்து 4.

மீதி 11 எனக்கே ஆச்சரியம். ஏதோ ஒரு பில் ஒத்துவராது. என்னிடம் 'KLK/045' என்று இருக்கும், 2Bயில் வெறும் '45' என்று இருக்கும். அல்லது என்னிடம் பில் இருக்கும், 2Bயில் அதுவே இருக்காது. கடைக்காரரிடம் கேட்கலாம் என்று போனை எடுப்பேன், வேறு ஏதோ செய்தி வந்திருக்கும். அப்படியே போய்விடுவேன். நான் சலித்துப்போய் எழுவதாக நினைத்திருந்தேன். கால்வாசி நேரம் முட்டிக்கொண்டு எழுந்திருக்கிறேன்.

மூக்கையூர் வலைக்காரன் | 19ஆம் தேதி, காலை 5.30

எனக்குக் கணக்கு தெரியாது, வலை தெரியும். கிழிந்த வலை பொத்தும்போது நடுவில் எழ வேண்டி வரும். போட்டுவிட்டுப் போனால் அந்த ஓட்டையைத் திரும்பத் தேடவே அரை நாள் ஆகும், எல்லாக் கண்ணும் ஒன்று போலத்தான் இருக்கும். அதனால் எங்கள் அப்பா எழுவதற்கு முன்னால் ஊசியை அடுத்து பிடிக்க வேண்டிய கண்ணிலேயே கோத்து விடுவார். தூரத்தில் இருக்கும் மற்ற ஓட்டைகளில் சிவப்பு நூல் ஒரு முடிச்சு. வந்து உட்கார்ந்ததும் கை நேராக அங்கே போகும், யோசிக்கவே வேண்டாம். தம்பிக்கு அந்த ஊசிதான் இல்லை போல.

தங்கச்சிமடத்துக்காரி | 19ஆம் தேதி, பகல் 2.10

மூக்கையூர் அண்ணன் சொன்னதைத்தான் நான் பத்து வரியில் சொல்லியிருப்பேன். நன்றி அண்ணே.

தம்பி, உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு பில்லை ஒப்பிட கடை பெயர், பில் எண், தொகை, வரி நான்கையும் மனதில் பிடித்துக்கொண்டு ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போக வேண்டும். மனதில் அப்படிப் பிடித்து வைக்கும் இடம் எல்லோருக்கும் சின்னது, சிலருக்கு இன்னும் சீக்கிரம் நழுவும். எழுந்தால் அந்த நான்கும் கொட்டிவிடும். எழுவதால் வரும் நஷ்டத்தைவிடத் திரும்பி வர ஆகும் செலவு பெரிது. திரும்பி வருவது கஷ்டம் என்று உள்ளுக்குள் தெரிவதால்தான் ஐந்து நிமிட ஓய்வு முக்கால் மணி நேரமாகிறது. ஆகவே எழாமல் இருக்கப் பாடுபட வேண்டாம். திரும்பி வரும் வழியை மலிவாக்குங்கள்.

முதலில் அந்த 11. எக்செல் தாளில் கடைசியில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்றே வார்த்தை: 'சரி', 'கேள்', 'இல்லை'. ஒத்துவந்தால் சரி. சந்தேகம் என்றால் கேள். 2Bயில் காணவில்லை என்றால் இல்லை. முட்டிக்கொண்ட இடத்தில் அதைத் தீர்க்க முயல வேண்டாம், 'கேள்' என்று போட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். அதுதான் சிவப்பு நூல். எல்லாக் கேள்விகளையும் சேர்த்துக் கடைக்கு ஒரே செய்தியாக, ஒரு நாளில் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.

அடுத்தது துண்டின் அளவு. தேதி வாரியாகப் போகாதீர்கள், விற்றவரின் ஜிஎஸ்டி பதிவு எண்ணான GSTIN வாரியாக அடுக்குங்கள். ஒருவருடைய பில்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும், எண் எழுதும் பாணியும் ஒன்றாக இருக்கும். '045', '45' குழப்பம் ஒரு முறை புரிந்துவிட்டால் அடுத்த பத்து பில்லுக்கும் அதே. உங்களுக்குக் கவனம் நிற்பது பத்து நிமிடம் என்றால், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடியும் அளவுக்குத் துண்டு போடுங்கள், ஒரு விற்பனையாளர் ஒரு துண்டு. முடிந்ததும் எழலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். பாம்பன் தம்பி சொன்ன மணி பலருக்கு உதவுகிறது. ஆனால் உங்கள் வேலையில் மணி வெட்டும் இடமும் வேலை முடியும் இடமும் வேறு வேறு, அதனால்தான் இடிக்கிறது.

துண்டு முடியும் முன்பே எழ வேண்டி வந்தால், நாற்காலியை விடுவதற்கு முன் ஒரு சீட்டில் அடுத்த வேலையை எழுதி விசைப்பலகையின் மேல் வையுங்கள். 'ஹார்டுவேர் முடிக்கணும்' என்று எழுதினால் பயனில்லை. 'வரிசை 63, தொகையில் 18 ரூபாய் வித்தியாசம், பில்லைப் பார்' என்று இருக்க வேண்டும். கை உடனே செய்யக்கூடியதாக இருந்தால்தான் அது ஊசி.

போனுக்கு வருவோம். காலையில் ஒரே நேரத்தில் எல்லாப் பில் படங்களையும் கணினிக்கு இறக்கிக் கடை வாரியாக உறையில் போட்டுவிடுங்கள். அப்புறம் கணினியில் இருக்கும் வாட்ஸப்பிலிருந்தும் வெளியேறுங்கள், பலர் இதை மறந்துவிடுவார்கள். போனை வேறு அறையில், சத்தம் கேட்கும் இடத்தில் வைத்து 'தொந்தரவு செய்யாதே' போடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வீட்டார் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். கடைக்காரர்களிடம் "அவசரம் என்றால் இரண்டு தடவை கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

மேசையை உள்ளறைக்கு மாற்றச் சொல்ல மாட்டேன், புழுக்கத்தில் யாருக்கும் கவனம் நிற்காது. கூடத்திலேயே பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். வாசலுக்கு முதுகு காட்டினால் சிலருக்கு யார் வருகிறார்கள் என்ற உறுத்தல் வரும், அதனால் வாசல் தோள்பக்கம் இருக்கட்டும்.

தொண்டி வாசகன் | 19ஆம் தேதி, மாலை 6.45

அக்கா சொல்வதில் போன் விஷயம் மட்டும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. போன் மேசையில் சும்மா இருந்தாலே மூளை மந்தமாகிறது என்று 2017இல் ஒரு ஆய்வு வந்ததை எல்லோரும் சொல்கிறார்கள். பிறகு அதே சோதனையைச் செய்தவர்கள் எல்லோருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. நான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும்போது போனில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் இல்லாவிட்டால்தான் என் மனம் ஓடும்.

தங்கச்சிமடத்துக்காரி | 19ஆம் தேதி, இரவு 8.20

சரிதான், அந்த ஆய்வின் முடிவு எல்லா இடத்திலும் நிற்கவில்லை. ஆனால் தம்பியின் தாளில் 17 கோடு இருக்கிறது. அவருக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். உங்கள் தாளில் போனுக்கு ஒரு கோடும் விழவில்லை என்றால் வானொலியோடு படியுங்கள். சத்தத்தில் ஒருவருக்கு ஒன்று ஒத்துவரும். சொற்கள் இருக்கும் சத்தம், எழுதுகிற படிக்கிற வேலையைப் பொதுவாக இடிக்கும். எண் ஒப்பிடும் வேலையில் சிலருக்குத் தாங்கும். இதில் என்னிடம் ஒரே விடை கிடையாது.

பாம்பன் வாடை | 20ஆம் தேதி, காலை 7.00

அக்கா, ஒன்று கேட்கிறேன். இப்போது எல்லோரும் இதை ஏடிஎச்டி என்கிறார்கள். முன்பு இப்படி ஒரு நோய் இருந்ததா? போன் வந்த பிறகு எல்லோருக்கும் இருப்பதுதானே?

தங்கச்சிமடத்துக்காரி | 20ஆம் தேதி, பகல் 1.45

பாதி சரி தம்பி. போனால் கவனம் சிதறுவது எல்லோருக்கும் உண்டு, அதை ஏடிஎச்டி என்று சொல்லக் கூடாது. ஆனால் அது போனுக்கு ரொம்ப முன்பே அறியப்பட்ட நிலை. பெரியவர்களிடம் மனநல மருத்துவர் முதலில் தேடுவது சிறுவயதுக் கதையைத்தான். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாது.

ரத்தப் பரிசோதனை வேறு காரணத்துக்காக எடுப்பார்கள். தைராய்டு, ரத்தசோகை, குறட்டையோடு கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு எல்லாமே பார்ப்பதற்குக் கவனக்குறைவு போலவே இருக்கும். போன வருடம் வரை நன்றாக உட்கார்ந்தவர், இந்த வருடம் முடியவில்லை என்றால் முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். இன்னொருவரின் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது ஆபத்து, இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்காமல் கொடுக்கக் கூடாதவை அவற்றில் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்குக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கணக்குத் தம்பி, உங்களுக்கு எப்போதிருந்து?

கீழக்கரைக் கணக்கன் | 20ஆம் தேதி, இரவு 11.30

3B எல்லாம் போட்டு முடித்துவிட்டேன், கடைசி ஒன்று பத்தே முக்காலுக்கு.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா. மூன்றாம் வகுப்பில் சிலேட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவேன் என்று உம்மா இன்றும் சொல்வார்கள். மதரஸாவில் உஸ்தாத் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைப்பார். பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்கு நன்றாகவே ஓதவும் வரும்.

அடுத்த மாதம் நீங்கள் சொன்னபடி செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கீழக்கரைக் கணக்கன் | அடுத்த மாதம், 19ஆம் தேதி, இரவு 9.15

சொன்னபடி எழுதுகிறேன். பதினொரு கடையும் இன்று மாலையோடு முடிந்தது, ஒரு நாள் முன்னதாக.

அதிகம் உதவியது 'கேள்' என்ற ஒரு வார்த்தை. ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்கிறேன், போன மாதம் தப்பு நடந்தது அங்கேதான். மொத்தம் 86 பில், 14 விற்பனையாளர்கள். முதல் சுற்றில் 71 'சரி'. 9 'கேள்'. 6 'இல்லை'. முன்பெல்லாம் அந்த ஒன்பதில் ஒவ்வொன்றுக்கும் போனை எடுத்திருப்பேன். இம்முறை பதினொன்றரைக்கு ஒரே செய்தி அனுப்பினேன், கடைக்காரர் மாலையில் ஒரே பதிலாகத் தந்தார். ஒன்பதில் ஏழு எண் எழுதும் பாணிதான். ஒன்று உண்மையிலேயே ஒரே பில்லின் இரண்டு படம், போன மாதத் தப்பு மறுபடி நடக்க இருந்தது. இன்னொன்றுக்கு இன்னும் விடை வரவில்லை. 'இல்லை' என்ற ஆறையும் இந்த மாத வரி வரவில் எடுக்காமல் தனியாக வைத்துவிட்டேன். விற்றவர் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தால் அடுத்த 2Bயில் வரும்.

நேரத்தையும் மாற்றினேன். பஜர் தொழுதுவிட்டு ஐந்தே முக்காலிலிருந்து ஏழேகால் வரை ஒப்பிடும் வேலை மட்டும். தெரு அப்போது அமைதி, போனும் அமைதி. மறுபடி ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை. லுஹருக்குப் பிறகு ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் செய்ததில்தான் தப்பு இருக்கிறது என்று தாளைப் பார்த்த பிறகு தெரிந்தது.

இடிந்த இடங்களும் உண்டு. மேசையைத் திருப்பியதும் கச்சான் காற்று நேராகப் பில் மேல் அடித்தது. பறந்த தாளைப் பிடிக்க எழுந்த கோடு மட்டும் முதல் நாளில் எட்டு. சங்கு ஒன்றை மேலே வைத்தேன், பிறகு பில்லைக் கவ்வும் அட்டையில் மாட்டிவிட்டேன். சீட்டு எழுதுவது மூன்றாம் நாளே மறந்துபோனது, எழும்போது அவசரமாகத்தானே எழுகிறோம். அதனால் சீட்டுக் கட்டையும் பென்சிலையும் நாற்காலியின் கைப்பிடியில் நூலால் கட்டினேன். எழும்போது கையில் தட்டும். இப்போது பத்தில் ஏழு தடவை எழுதுகிறேன்.

நேற்று எடுத்த கோடு 12, அன்று ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் இருந்தது. பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்காருவது இன்னும் இல்லை. பிற்பகல் இன்னும் வீணாகத்தான் போகிறது.

மூக்கையூர் வலைக்காரன் | 19ஆம் தேதி, இரவு 9.40

பென்சிலைக் கட்டினது நல்ல வேலை.

தொண்டி வாசகன் | 19ஆம் தேதி, இரவு 10.05

நானும் தாள் எழுதினேன். போனுக்கு மூன்றுதான். ஆனால் வானொலியில் பேச்சு வரும்போது ஒன்பது, பாட்டு வரும்போது ஒன்றுமில்லை. பேச்சு வந்தால் நிலையம் மாற்றக் கை போகிறது, அப்போது போனையும் பார்க்கிறேன். இதைப் போன் கணக்கில் சேர்ப்பதா, சத்தக் கணக்கில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

தங்கச்சிமடத்துக்காரி | 20ஆம் தேதி, காலை 6.30

தொண்டி தம்பி, இரண்டு நாள் வானொலியை வேறு பெட்டியில் வைத்துக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

கணக்குத் தம்பி, பதினைந்து நிமிடத்தை நீட்டப் பார்க்காதீர்கள், உங்கள் துண்டுக்கு அது போதும். பிற்பகலுக்கு மனதில் எதையும் பிடித்து வைக்க வேண்டாத வேலையைக் கொடுங்கள். பில் படங்களுக்குப் பெயர் போடுவது, தாள்களைத் துளையிட்டுக் கோப்பில் கோப்பது, அதையும் நின்றுகொண்டே. உஸ்தாத் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓத வந்தது என்று எழுதியிருந்தீர்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாலே சிலருக்குக் கை நகரும். ஏன் என்பதற்கு உறுதியான ஆராய்ச்சி குறைவு, ஆனால் என்னிடம் வருபவர்களில் பலருக்குப் பலிக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள் நாலு மணிக்கு?

சிறுவயதிலிருந்தே இருப்பதால் ஒரு முறை மனநல மருத்துவரையும் பாருங்கள். அந்த 41 கோடு தாளைக் கையோடு கொண்டுபோங்கள், உம்மாவையும் கூட்டிப்போங்கள். சிலேட்டுக் கதையை அவர்கள் சொன்னால்தான் முழுதாக வரும்.

கீழக்கரைக் கணக்கன் | 20ஆம் தேதி, இரவு 8.10

நாலு மணிக்கு அக்கா மகள் பத்தாம் வகுப்புப் பாடம் எழுத வருவாள். இத்தனை நாள் அவளை உள்ளறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று மேசையின் மறுபக்கத்தில் உட்காரச் சொன்னேன். மூன்று கடையின் தாள்கள் கோப்பில் ஏறிவிட்டன. உம்மாவிடமும் பேசிவிட்டேன், வியாழக்கிழமை ராமநாதபுரம் போகிறோம்.